கடைசிச் சொல் வந்து சேரவில்லை

"இந்தச் சனிக்கிழமை பொங்கல் விழா வழக்கமான பள்ளி அரங்கில் நடைபெறாது."

இந்த வாக்கியத்தை எழுதியவள் நான். ஒரு ஜனவரி மாதம், வியாழக்கிழமை இரவு, கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதினேன். ஒற்றுப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மின்மடலுக்குப் பொருள் வரியாக இதை வைத்து அனுப்பினேன். சனிக்கிழமை காலை 11 மணிக்கு, வயதான ஒரு கணவனும் மனைவியும் ஒரு தூக்குப் போசி நிறைய ஒப்புட்டை எடுத்துக்கொண்டு, கால் மணி நேரம் குளிரில் நடந்து, அதே பள்ளி அரங்கின் பூட்டிய கதவின் முன் போய் நின்றார்கள். முக்கால் மணி நேரம் நின்றார்கள். மகன் வேலை முடிந்து நேராக விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவரும் சொன்னபடி வந்துவிட்டார், ஆனால் புதிய இடத்துக்கு. அவருக்குப் போனது ஆங்கில மடல். பெற்றோருக்குப் போனது நான் எழுதிய தமிழ் மடல்.

அன்று மாலை என் தம்பி கூப்பிட்டான். அவன்தான் அங்கே சங்கச் செயலாளர். "அக்கா, தமிழ் மடலில் இடம் மாறியதைச் சொல்லவில்லையா?" என்று கேட்டான். சொல்லியிருந்தேன். பொருள் வரியிலேயே சொல்லியிருந்தேன். அதனால் அவன் கேள்வி எனக்குப் புரியவே இல்லை.

மறுநாள் அந்தப் பெரியவரிடமே பேசினேன். தாராபுரம் பக்கத்துக்காரர், மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்தவர். கோபம் கொஞ்சமும் இல்லாமல் பேசினார். "அம்மணி, நான் தப்பாகப் படிக்கவில்லை. என் போனில் தெரிந்தவரைக்கும் பொங்கல் விழா சனிக்கிழமை என்றுதான் இருந்தது. அதுதான் ஏற்கெனவே தெரியுமே என்று உள்ளே திறந்து பார்க்கவில்லை" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. அதைக் கண்ணால் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் அப்பாவும் அதே வயதுக்காரர், அவர் கைப்பேசியிலும் எழுத்தைப் பெரிதாக்கித்தான் வைத்திருக்கிறோம். அந்த மடலை அப்பாவுக்கு அனுப்பி, பட்டியலில் எப்படி வந்து விழுகிறது என்று பார்த்தேன். "இந்தச் சனிக்கிழமை பொங்கல் விழா" என்று வந்தது. அதன் பிறகு மூன்று புள்ளி. அவ்வளவுதான். என் கைப்பேசியில் இன்னும் ஒரு சொல் கூடுதலாக, "வழக்கமான" என்பது வரைக்கும் தெரிந்தது. இரண்டிலுமே விழா நடக்கிறது.

பிறகு எண்ணிப் பார்த்தேன். "நடைபெறாது" என்ற சொல் தொடங்குவதற்கு முன்பு அந்த வரியில் 30 எழுத்துகள் இருக்கின்றன, இடைவெளிகளைச் சேர்க்காமல். அப்பாவின் திரையில் 16 எழுத்துக்கு மேல் தெரியவில்லை. நான் மறுத்த மறுப்பு யார் கண்ணிலும் படாத இடத்தில் கிடந்தது.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று அரங்கத்தின் வெப்பமூட்டி பழுதாகிவிட்டது. தம்பி அவசரமாக ஆங்கில மடலை எழுதி எனக்கு அனுப்பினான்:

```
Not at the school this Saturday: Pongal moves to the church hall
```

நான் அதன் முதல் பாதியைத் தமிழாக்கினேன். இரண்டாம் பாதியை மடலின் உள்ளே வைத்தேன். மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் மறுப்பு முதல் சொல்லாகவே வந்து நின்றுவிடுகிறது. என் கைப்பேசியில் அந்த ஆங்கில வரி 36 எழுத்து வரை தெரிந்தது, அதாவது பள்ளியில் இல்லை, இந்தச் சனிக்கிழமை என்பதெல்லாம் முழுதாகத் தெரிந்த பிறகுதான் வெட்டு விழுந்தது. அதே செய்தியை நான் தமிழில் எழுதியபோது, தமிழ் தன் இயல்புப்படி வினையைக் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த வினைக்குள்ளும் மறுப்பு கடைசியில்தான் இருக்கிறது. நடைபெறும், நடைபெறாது. இரண்டுக்கும் முதல் மூன்று எழுத்தும் ஒன்றே. 'றும்' என்று முடிந்தால் விழா உண்டு, 'றாது' என்று முடிந்தால் இல்லை.

பேச்சில் இது நமக்கு ஒரு தொல்லையே இல்லை. காது கடைசி வரை காத்திருக்கும். அச்சிலும் இல்லை, ஏனென்றால் அச்சடித்த வரியை யாரும் பாதியில் வெட்டுவதில்லை. கைப்பேசியின் மின்னஞ்சல் பட்டியல்தான் வலது ஓரத்தில் கத்தி வைத்திருக்கிறது. அந்தக் கத்தி ஆங்கில வாக்கியத்தின் வாலை வெட்டுகிறது, தமிழ் வாக்கியத்தின் தலையை வெட்டுகிறது. நம் வாக்கியத்துக்குத் தலை வலது பக்கத்தில் இருக்கிறது.

அகலமும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம். தமிழில் 'போ' என்ற ஓர் எழுத்துக்கு இரட்டைக்கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால் என்று மூன்று வடிவங்கள் வரிசையாக இடம் பிடிக்கின்றன. 'ணை' தனியாகவே நல்ல அகலம். 'ர' ஒல்லி. அதனால் இத்தனை எழுத்து வரை எழுதலாம் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு வரியையும் அனுப்பித்தான் பார்க்க வேண்டும். தமிழ்ப் பட்டியலில் இருப்பவர்களில் பலர் பெரியவர்கள், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள். மிக நீளமாக எழுதும் மொழிக்கு மிகக் குறுகிய இடம் வாய்த்திருக்கிறது.

பொருள் வரிக்குக் கீழே மடலின் முதல் சில சொற்களும் மங்கலாகத் தெரியுமே, அதுவாவது காப்பாற்றியிருக்கலாம். அதுவும் காப்பாற்றவில்லை. எங்கள் மடல் வார்ப்புருவின் தலையில், சரியாகத் தெரியவில்லை என்றால் உலாவியில் பாருங்கள் என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி இருந்தது. மடலின் முதல் சொற்கள் அவைதான் என்பதால், தமிழ் தவிர வேறு படிக்காத பெரியவர் கண்ணுக்கு எங்கள் பொருள் வரிக்கு அடியில் தெரிந்தது அந்த ஆங்கிலம். பல ஆண்டுகளாக அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை. ஏனென்றால் நான் மடலைக் கணினியில் எழுதுகிறேன், கணினியிலேயே சரிபார்க்கிறேன், அங்கே வரி முழுதாகத் தெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதினோம். விழா முடிந்துவிட்டது, இனி அந்த வரிக்கு வேலை இல்லை. இருந்தாலும் எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று தெரியாமல் அடுத்த மடலைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் நான் எழுதியது: "இடம் மாற்றம்: சனிக்கிழமை பொங்கல் விழா". பத்திரிகைத் தலைப்பு போல இருக்கிறது, சிறியது, முக்கியமான சொல் முன்னால் நிற்கிறது. அப்பா கைப்பேசியில் பார்த்துவிட்டு, "எந்த இடத்துக்கு?" என்றார். உள்ளே திறந்தால் இருக்கும் என்றேன். "திறக்கவில்லை என்றுதானே இத்தனை பேச்சு" என்றார். அது சரிதான். மாறிவிட்டது என்று தெரிந்த ஒருவர் திறந்து பார்ப்பார் என்பது என் நம்பிக்கை. வீட்டு வேலைக்கு நடுவே பார்த்துவிட்டு, பிறகு திறக்கலாம் என்று வைத்து, மறந்துபோவதும் நடக்கும்.

இரண்டாவது: "பள்ளிக்கு வர வேண்டாம்: பொங்கல் விழா சர்ச் அரங்கில்". தடுக்க வேண்டியதை முதல் மூன்று சொல்லிலேயே தடுத்தாகிவிட்டது. இது அப்பாவுக்கு முகம் சுளிக்க வைத்தது. "நோம்பிக்குக் கூப்பிட்டவர்களை வர வேண்டாம் என்றா எழுதுவாய், கண்ணு?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கூட போகிறேன் என்று சொல்ல மாட்டார், போய்விட்டு வருகிறேன் என்பார். அழைப்பில் 'வர வேண்டாம்' என்ற சொல் கண்ணில் பட்டதுமே மனம் ஒரு கணம் பின்வாங்குகிறது. அது மட்டும் இல்லை. அவர் திரையில் அந்த வரி "பள்ளிக்கு வர வேண்டாம்: பொங்கல்" என்று வெட்டுப்பட்டது. படிப்பவர் விழாவே ரத்து என்று முடிவு கட்டலாம். பூட்டிய கதவுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார். அதுவும் நமக்கு நஷ்டம்தான்.

அப்போது அப்பா ஈரோடு பேருந்து நிலையத்தைப் பற்றிச் சொன்னார். நடத்துனர் எப்படிக் கூவுகிறார்? இந்தப் பேருந்து கோபி வழியாகச் சத்தியமங்கலம் செல்லும் என்றா சொல்கிறார்? "கோபி, சத்தி! கோபி, சத்தி!" என்கிறார். ஓடி வருகிறவன் காதில் ஒரு சொல் விழுந்தாலும் அது ஊர்ப் பெயராக இருக்கும். வண்டியின் பலகையிலும் போகிற ஊர்தான் பெரிதாக முன்னால் நிற்கிறது.

மூன்றாவது வரி அதிலிருந்து வந்தது: "சர்ச் அரங்கில் பொங்கல் விழா: இடம் மாறியுள்ளது".

அப்பா திரையில் "சர்ச் அரங்கில் பொங்கல் விழா" என்று வந்து வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்டதைப் பார்த்து எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. மாறியது என்ற சேதியே போய்ச் சேராவிட்டாலும், மிச்சமிருக்கும் நான்கு சொற்கள் ஆளைச் சரியான கதவுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. மறுப்பே இல்லாமல் மறுப்பின் வேலை நடந்துவிடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு தமிழ்ப் பொருள் வரியையும் நான் ஒரே சோதனையில் வைத்துப் பார்க்கிறேன்: வெட்டு எந்தச் சொல்லில் விழுந்தாலும், இடப் பக்கம் மிஞ்சுவது தனியாக நின்றாலும் உண்மையாக இருக்கிறதா?

இதற்குத் தமிழ் ஓர் உதவியும் செய்கிறது. அரங்கில், விழாவுக்கு, பள்ளியிலிருந்து என்று வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே இருப்பதால், சொற்களை எந்த வரிசையில் வைத்தாலும் பெரும்பாலும் பொருள் கெடுவதில்லை. வினையே இல்லாமலும் வாக்கியம் நிற்கும். 'சர்ச் அரங்கில் பொங்கல் விழா' என்பதில் வினை எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் இவ்வளவு தாராளமாக இடம் மாற்ற முடியாது, ஆனால் அதற்குத் தேவையும் இல்லை. இதே செய்திக்குத் தம்பி பின்னாளில் எழுதிய ஆங்கில வரியைப் பாருங்கள்:

```
Church hall, not school: Pongal this Saturday
```

அவன் மறுப்பை ஒரே காற்புள்ளி தூரத்துக்குள் அடக்கிவிட்டான். இதைத் தமிழாக்கினால் "சர்ச் அரங்கம், பள்ளி அல்ல" என்று வரும். 'அல்ல' பின்னால் வந்து நிற்கும். பெரிய எழுத்துத் திரையில் "சர்ச் அரங்கம், பள்ளி" என்று வெட்டுப்பட்டால் இரண்டு இடத்திலும் விழா என்றாகிவிடும். அதனால்தான் இப்போது நாங்கள் ஒருவர் வரியை ஒருவர் மொழிபெயர்ப்பதில்லை. செய்தியை மட்டும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். என்ன மாறியது, யார் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். அவன் அவன் வரியை எழுதுகிறான், நான் என் வரியை எழுதுகிறேன்.

முன்பு ஒரே மடலில் இரண்டு மொழியும் இருந்தது, பொருள் வரியில் நடுக்கோடு போட்டு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஆங்கிலம். சமமாக நடத்துவதாக நினைத்தோம். கைப்பேசியில் அந்த நடுக்கோட்டையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பிரித்து இரண்டு பட்டியலாக்கியபோது, உறுப்பினர் படிவத்தில் "உங்கள் மொழி எது?" என்று கேட்டோம். எல்லோரும் தமிழ் என்று குறித்தார்கள். கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? அங்கேயே பிறந்து வளர்ந்த, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் அப்படியே குறித்தார்கள். பிறகு கேள்வியை மாற்றினோம்: "மடல் எந்த எழுத்தில் வந்தால் உடனே படிப்பீர்கள்?" இதற்கு வந்த பதில்கள் வேறு மாதிரி இருந்தன. ஒரே வீட்டிலிருந்து அம்மா தமிழ், மகள் ஆங்கிலம் என்று தனித்தனியாகப் பெயர் கொடுத்தார்கள். இரண்டும் வேண்டும் என்றவர்களுக்கு இரண்டும் போகிறது.

மறுப்புக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த பொங்கலுக்கு விருந்துப் பதிவு மடல் எழுதும்போது மறுபடியும் அதே இடத்தில் கால் இடறப் பார்த்தது. தம்பியின் வரி:

```
RSVP by 11 January: Pongal lunch
```

நான் முதலில் எழுதியது "பொங்கல் விருந்து: ஜன. 11-க்குள் பதிவு". அப்பா திரையில் "பொங்கல் விருந்து: ஜன. 11" என்று தெரிந்தது. 'க்குள்' போய்விட்டது. கெடு தேதி விருந்துத் தேதி ஆகிவிட்டது. விருந்தோ 18ஆம் தேதி சனிக்கிழமை. ஆங்கிலத்தில் தேதிக்கு முன்னால் வரும் சின்னச் சொல், தமிழில் தேதிக்குப் பின்னால் ஒட்டுகிறது. 11-க்குள், 11 வரை, 11 முதல், 11 அன்று. நான்கும் நான்கு பொருள், நான்கிலும் கண்ணில் முதலில் படுவது வெறும் 11. வெட்டு அந்த எண்ணுக்கு அடுத்து விழுந்தால் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் பொருள் வரியில் விழா நாளைத் தவிர வேறு தேதியை நான் எழுதுவதே இல்லை. கெடு தேதி, பொருள் வரிக்குக் கீழே மங்கலாகத் தெரியும் அந்த முன்னோட்ட வரிக்குப் போய்விடும்.

அந்த மடலுக்குக் கடைசியில் போன தமிழ் வரி இது: "எத்தனை இலை போடலாம்? பொங்கல் விருந்துப் பதிவு". இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி. முதலில் 'தங்கள் வருகையை உறுதி செய்யுங்கள்' என்று எழுதி வைத்திருந்தேன். விமான நிறுவனம் அனுப்புகிற குறுஞ்செய்தி மாதிரி இருந்தது. நம் வீடுகளில் விருந்துக்கு முதல் நாள் சமையல்காரர் வந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான், எத்தனை இலை. அங்கே சாப்பாடு காகிதத் தட்டில்தான். ஆனால் கேள்வி காதுக்குப் பழகிய கேள்வி, கேட்டதும் வாய் தானாக ஓர் எண்ணைச் சொல்லும். அந்த ஆண்டு தமிழ்ப் பட்டியலில் பலர் படிவத்தைத் திறக்காமல் மடலுக்கே பதில் எழுதினார்கள். "ஐந்து இலை." "மூன்று இலை, ஒன்று குழந்தைக்கு." அவற்றைப் படிவத்தில் ஏற்றும் வேலை தம்பிக்குக் கூடியது, அவன் சந்தோஷமாகவே செய்தான்.

ஆங்கிலப் பட்டியலுக்கு இலைக் கேள்வி போகவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை தேதியும் வேலையும், அது அவர்கள் வரியில் முதலிலேயே இருக்கிறது. மறுபக்கம், ஆங்கில மடல்களில் சாதாரணமாக வரும் 'கடைசி வாய்ப்பு', 'தவற விடாதீர்கள்' போன்றவற்றைத் தமிழில் எழுதினால் ஜவுளிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ் போலாகிவிடும். 'பதிவு செய்க' என்பது இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் எனக்கு அது அரசு அலுவலக அறிவிப்புப் பலகையை நினைவூட்டுகிறது. 'ங்கள்' போட்டுத்தான் எழுதுவேன், அதற்கு ஆகும் இடத்தை வேறு எங்காவது குறைத்துக்கொள்வேன். மரியாதையில் கை வைக்க முடியாது.

ஒன்றை மட்டும் மனமில்லாமல் விட்டுக்கொடுத்தேன். எங்கள் ஊர்ச் சொற்கள். நோம்பி என்றும் பட்டிப் பொங்கல் என்றும் பூப்பறிக்கும் நோன்பு என்றும் எழுதத்தான் கை போகும். சங்கத்தில் தஞ்சாவூர்க்காரர்கள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தார் இருக்கிறார்கள். பட்டிப் பொங்கல் என்று பொருள் வரியில் எழுதிய ஆண்டு, அது என்ன விழா என்று மூன்று வீடுகளிலிருந்து கேட்டார்கள். பொருள் வரியில் எல்லோருக்கும் பொதுவான பொங்கல் என்ற சொல்லே இருக்கிறது. மடலின் உள்ளே நோம்பியையும், வீட்டு இறவாணத்தில் பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகிக் காப்புக் கட்டுவதையும் விளக்கமாக எழுதுகிறேன், அங்கே இடம் இருக்கிறது.

முன்னோட்ட வரியைச் சரிசெய்வது எளிய வேலைதான். மடலின் உடல் தொடங்கும் இடத்தில், எல்லாவற்றுக்கும் முன்பாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியை வைக்க வேண்டும். பட்டியலில் அது பொருள் வரிக்குக் கீழே தெரியும், மடலைத் திறந்தால் தெரியாது:

```
<div style="display:none">காலை 11 மணி. பள்ளி அரங்கம் பூட்டியிருக்கும்.</div>
```

இங்கே மறுப்பை எழுதலாம், கெடு தேதியை எழுதலாம். ஆனால் இதுவும் வெட்டுப்படும் என்பதை நினைவில் வைத்து இரண்டு சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். 'பூட்டியிருக்கும்' என்பதில் மறுப்பு உருபு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய ஆங்கில வரியை மடலின் அடிக்கு அனுப்பிவிட்டேன். தமிழ் மடலில் ஆங்கில எழுத்தில் நான் விட்டுவைத்திருப்பது அரங்கத்தின் முகவரியும் அஞ்சல் குறியீடும்தான். அதை நகலெடுத்து வரைபடத்தில் போட வேண்டுமே.

தம்பி ஒரு முறை இந்த வெட்டுச் சிக்கலைத் தானே தீர்த்துவைக்கிறேன் என்று ஒரு விரிதாள் செய்தான். பொருள் வரிகளை ஒரு பத்தியில் எழுதினால், பக்கத்துப் பத்தியில் 30 எழுத்துக்கு வெட்டிக் காட்டும்.

```
=LEFT(A2,30)
```

ஆங்கிலத்துக்கு ஒழுங்காக வேலை செய்தது. தமிழில் "நாளைக்குள் பதிவு - பொங்கல் விழா" என்று நான் எழுதியதை அது "நாளைக்குள் பதிவு - பொங்கல் விழ" என்று வெட்டியது. மங்கலமான நாளின் பெயருக்குப் பக்கத்தில் 'விழ' என்று நிற்கிறது. அந்தப் பத்தியிலிருந்தே மடல் அனுப்பும்படி அவன் வைத்திருந்தான். முதல் சோதனை மடல் எனக்கு வந்ததால் பிழைத்தோம். காரணம் இதுதான். நம் கண்ணுக்கு அந்த வரியில் 14 தமிழ் எழுத்துகள். கணினிக்கு, இடைவெளியும் கோடும் சேர்த்து, 31 குறியீடுகள். க, ழ போன்ற அகர எழுத்துகள் கணினிக்கு ஒவ்வொரு குறியீடு, அவற்றோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு. 'ழா' என்பது 'ழ' ஒன்று, கால் ஒன்று. 'க்' என்பது 'க' ஒன்று, புள்ளி ஒன்று. 30இல் வெட்டச் சொன்னால் அது 'ழ'வுக்கும் காலுக்கும் நடுவே வெட்டும். கைப்பேசித் திரை இப்படிச் செய்வதில்லை, அது முழு எழுத்தாகவே விடுகிறது. எழுத்தை எண்ணுகிற கருவிகள்தான் செய்யும். மடல் அனுப்பும் சேவைகள் பொருள் வரிக்குப் பக்கத்தில் காட்டும் எண்ணும் பெரும்பாலும் இந்தக் குறியீட்டு எண்ணிக்கைதான். நீளமாகிவிட்டது என்று அது சிவப்பில் எச்சரித்தாலும் நான் பதறுவதில்லை, பச்சையில் சரி என்றாலும் நம்புவதில்லை.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற சதவீதத்தையும் நாங்கள் பார்ப்பதை விட்டுவிட்டோம். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைச் சேர்த்தது. அதை இயக்கி வைத்திருப்பவர்களின் மடலில் உள்ள படங்களை, அவர்கள் மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆப்பிளின் கணினிகளே முன்கூட்டி இறக்கிவிடுகின்றன. திறந்ததைக் கண்டுபிடிக்க மடலில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத படமும் அதோடு இறங்கிவிடும். திறக்காதவரும் திறந்தவர் கணக்கில் சேருவார். எங்களுக்கு வேண்டிய கணக்கு வேறு: தமிழ்ப் பட்டியலில் எத்தனை வீடுகள் பதில் அனுப்பின, விழா நாளன்று எத்தனை பேர் தம்பியைக் கூப்பிட்டு எங்கே, எப்போது என்று கேட்டார்கள். இடம் மாறிய அந்த ஆண்டு அவன் தொலைபேசி காலையிலிருந்து ஓயவில்லை என்று பிறகுதான் சொன்னான். தமிழில் கேட்டவர்கள்தான் அதிகம்.

சென்ற முறை விழா பழையபடி பள்ளிக்கே திரும்பியது. வியாழன் இரவு இங்கே மணி பதினொன்று, அங்கே மாலை ஐந்தரை. "பள்ளி அரங்கில் பொங்கல் விழா: சனி காலை 11 மணி" என்று எழுதி, முதலில் அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் தூங்கப் போகாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைப்பேசி ஒலித்ததும் எடுத்துப் பார்த்து, தெரிந்ததை மட்டும் சத்தமாகப் படித்தார்: "பள்ளி அரங்கில் பொங்கல் விழா." பிறகு கீழே இருந்த மங்கலான வரியையும் படித்தார். "போதும் கண்ணு, அனுப்பு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனார்.

தாராபுரத்துப் பெரியவர் இப்போது ஊரில்தான் இருக்கிறார். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வரட்டும் என்றார். அனுப்பிய பத்தாவது நிமிடம் அவரிடமிருந்து பதில் வந்தது: "இரண்டு இலை, அம்மணி. அடுத்த வருடத்துக்கு."